வரைபடம் இல்லாத பம்ப் ஷாஃப்ட்: தேய்ந்ததை அளந்து அசல் அளவைக் கண்டுபிடித்த கதை

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அங்கே குளிர்நீர் சுற்றுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய பம்ப், ஒற்றை இம்பெல்லர், கிளாண்ட் பேக்கிங் போட்டது. பெயர்ப்பலகை எப்போதோ உதிர்ந்துவிட்டது, வார்ப்பிலும் தயாரித்தவர் பெயர் இல்லை. இம்பெல்லர் பக்கத்து பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட் மேலேயே வழுக்கிச் சுற்ற ஆரம்பித்து, சத்தமும் சூடும் கூடி நிறுத்திவிட்டார்கள். புது ஷாஃப்ட் செய்ய வேண்டும். வரைபடம் கிடையாது, உதிரி கிடையாது, பட்டறைக்கு வந்து சேர்ந்தது தேய்ந்த ஷாஃப்ட்டும் அதிலிருந்து கழற்றிய சாமான்களும்தான்.

இந்த மாதிரி வேலையை நம் ஊரில் 'சேம்பிள் பார்த்து' செய்வது வழக்கம். வெர்னியர் வைத்து அளப்பது, வந்த எண்ணைத் தாளில் எழுதுவது, அதே எண்ணுக்குக் கடைவது. அப்படிச் செய்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுக்கிறோம். 34.97 என்று தேய்ந்துபோன பேரிங் இடத்தைப் பார்த்து 34.97க்கே புதிதாகக் கடைந்தால், புது ஷாஃப்ட்டில் முதல் நாளே பேரிங் லூஸ். அடுத்த முறை அந்த நகலே சேம்பிளாக இன்னொரு பட்டறைக்குப் போகும், இன்னும் இரண்டு மூன்று தவ் குறையும்.

பட்டறையின் ஃபிட்டர் வெர்னியரில் எடுத்துத் தாளில் எழுதி அனுப்பியிருந்தது இது: கப்ளிங் இடம் 31.7, பேரிங் இடம் 34.97, ஸ்லீவ் இடம் 28.5, இம்பெல்லர் இடம் 25.3. அனுபவசாலிதான், அளவு எடுத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. "கப்ளிங்குக்கு 32ன்னே போட்டுருங்க சார், கப்ளிங்கை நாங்க போர் பண்ணிக்கறோம், ஸ்லீவுக்கு 28 வெச்சுக்கலாமுங்க" என்றார். ஒரு தடவை ஓட்டிவிட அது போதும். ஆனால் அங்கே இதே பம்ப் இன்னொன்றும் ஓடுகிறது, இரண்டுக்கும் ஸ்லீவும் இம்பெல்லரும் மாற்றிப் போடும் சாமான்கள். ஷாஃப்ட்டை நம் வசதிக்கு மாற்றினால் அவர்கள் வைத்திருக்கும் உதிரி எல்லாம் வீண். அதனால் அசல் அளவைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

தேய்மானம் ஒரு பக்கம்தான் போகும்

முழு வேலையும் ஒரே ஒரு உண்மையில் நிற்கிறது. தேய்ந்தால் ஷாஃப்ட்டின் விட்டம் குறையும், கூடாது. துளை தேய்ந்தால் பெரிதாகும், சிறிதாகாது. கீவே, அதாவது சாவி உட்காரும் பள்ளம், தேய்ந்தால் அகலமாகும், குறுகாது. ஆகவே தேய்ந்த ஷாஃப்ட்டில் எடுக்கும் ஒவ்வொரு அளவும் 'அசல் இதற்குக் கீழே இருந்திருக்க முடியாது' என்று சொல்கிறது. அதே இடத்தில் உட்காரும் சாமானின் துளையில் எடுக்கும் அளவு 'அசல் இதற்கு மேலே இருந்திருக்க முடியாது' என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் அசல் அளவு. ஷாஃப்ட்டை மட்டும் அனுப்பி 'இதைப் பார்த்துச் செய்யுங்க' என்று சொல்கிறவர்களிடம் ஸ்லீவ், இம்பெல்லர், கப்ளிங், சாவி, பழைய பேரிங் எல்லாவற்றையும் கேட்டு வாங்குவது இதற்காகத்தான். எங்களுக்கு நல்ல வேளையாக எல்லாமே சாக்கு மூட்டையில் கூடவே வந்தன. பழைய பேரிங்கைக் காயலான் கடையில் போட்டுவிட்டிருந்தால் பாதி சாட்சி போயிருக்கும்.

இந்த விதி பொய்க்கும் இடமும் உண்டு, அதை முதலில் பிடித்துவிட வேண்டும். பேரிங் லூஸாகும்போது ஷாஃப்ட் மேல் சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி, உலோகத்தை மேலே எழுப்பி, அதன் மேல் பேரிங்கை அடித்து ஏற்றுவார்கள். எங்கள் ஷாஃப்ட்டின் இம்பெல்லர் பக்கத்து பேரிங் இடத்தில் அப்படியே இருந்தது. கழுவித் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது மூன்று வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பேரிங் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு சின்ன வளையம். அந்த வளையத்தின் மேல் மைக்ரோமீட்டர் 35.03 காட்டுகிறது, இரண்டு குழி வரிசைக்கு நடுவே 34.96 காட்டுகிறது. 35.03ஐ நம்பினால் அசலைவிடப் பெரிதாகக் கடைந்துவிடுவோம், பேரிங் ஏறும்போதே உள்ளே கிளியரன்ஸ் செத்துவிடும். இதேபோல பேரிங் வழுக்கிய இடத்தில் செம்பழுப்பாக ஒரு பொடி ஒட்டிக் கெட்டியாகி இருக்கும், அது துரு போலத் தெரிந்தாலும் உராய்வில் வந்த ஆக்சைடு, அதன் மேல் வைத்தால் சில மைக்ரான் கூடக் காட்டும். நைஸ் எண்ணெய்க் கல்லால் லேசாக ஒரு ஓட்டு ஓட்டி, மேடு மட்டும் போன பிறகுதான் அளக்க வேண்டும். எமரி தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, சாட்சியையே அழிக்கிற வேலை அது.

எங்கே அளப்பது

அதிகம் தேய்ந்த இடத்தை அளப்பதைவிட, எதுவும் தொடாத இடத்தைத் தேடுவதில் நேரம் போடலாம். ஒவ்வொரு ஷாஃப்ட்டிலும் அப்படிச் சில பட்டைகள் இருக்கும். எங்கள் ஷாஃப்ட்டில் பேரிங் இடத்தின் நீளம் 24 மி.மீ., அதில் உட்காரும் பேரிங்கின் அகலம் 21. ஆக ஷோல்டருக்கு எதிர்ப் பக்கம் 3 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் மிச்சம். பேரிங் ஏற்றும்போதும் கழற்றும்போதும் மட்டும் அதன் மேல் ஏதாவது உரசியிருக்கும், ஓட்டத்தில் அது தேய வழியில்லை. கப்ளிங் பக்கத்து பேரிங் இடத்தில் பஞ்ச் அடிக்கவில்லை, அங்கே அந்தப் பட்டையில் கிரைண்டிங் கோடுகள் கூட அழியாமல் தெரிந்தன. அளவு 35.008. கப்ளிங் ஹப்புக்கு வெளியே, பேரிங் கவரை ஒட்டி இதேபோல இன்னொரு பட்டை: 31.752 முதல் 31.755. ஸ்லீவுக்கு அடியில் நடுப்பகுதி ஈரம் புகாமல் சுத்தமாக இருந்தது: 28.560 முதல் 28.564. அதே ஸ்லீவ் இடத்தின் ஓரத்தில், தண்ணீர் புகுந்து அரித்த பக்கம் 28.5. ஃபிட்டர் அளந்தது அங்கேதான்.

மைக்ரோமீட்டர் என்றால் வெர்னியர் போல ஒரு தடவை வைத்து எடுப்பது இல்லை. ஒரே வளையத்தில் ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பி நான்கு கோணத்தில் எடுக்க வேண்டும், ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும். அளப்பதற்கு முன் 25 மி.மீ. செட்டிங் பீஸை வைத்து மைக்ரோமீட்டரைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் வெப்பம். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். வெயிலில் வண்டியில் வந்த ஷாஃப்ட் உள்ளே இருக்கிற மைக்ரோமீட்டரைவிட 15 டிகிரி சூடாக இருந்தால் 35 மி.மீ. விட்டம் 6 மைக்ரான் கூடக் காட்டும். நாம் தேடுகிற டாலரன்ஸ் பட்டையே 11 மைக்ரான் என்னும்போது அது பாதி. இரண்டையும் ராத்திரி முழுக்க ஒரே மேசையில் போட்டுவிட்டுக் காலையில் அளந்தால் இந்தப் பிரச்சினை இல்லை, இரண்டும் எஃகு, சேர்ந்தே நீளும் சேர்ந்தே சுருங்கும்.

மெட்ரிக்கா இன்ச்சா

இப்போது பார்த்தால் எண்கள் ஒரு மாதிரி இருக்கின்றன. பேரிங் இடம் அழகாக 35. மற்றதெல்லாம் 31.75, 28.56. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புவார்கள்: பேரிங் 6307 என்று தெளிவாக எழுத்தோடு இருக்கிறது, 35 உள்விட்டம், 80 வெளிவிட்டம், 21 அகலம், ஆக மெட்ரிக் பம்ப், மற்றதும் மெட்ரிக்காகத்தான் இருக்கும், 31.75 என்பது தேய்ந்த 32 என்று முடிவுகட்டிவிடுவார்கள். இன்ச் அளவில் வரைந்த பழைய இயந்திரங்களிலும் பால் பேரிங் பெரும்பாலும் மெட்ரிக்தான், சந்தையில் கிடைத்தது அதுதான். பேரிங் இருக்கை மட்டும் மெட்ரிக்கில் இருக்கும், மீதி ஷாஃப்ட் எல்லாம் இன்ச்சில் போகும்.

இதைத் தீர்த்து வைத்தது கப்ளிங் பக்கத்து கீவே. சாவி ஓடிய பகுதியில் மேல் விளிம்பு நசுங்கி அகலமாகியிருந்தது, அதை விட்டுவிட்டு உள்முனையில், சாவி எட்டாத இடத்தில், ஸ்லிப் கேஜ் கோத்துப் பார்த்தால் 7.93 தாராளமாகப் போகிறது, 7.94 கொஞ்சம் பிடித்துக்கொண்டு போகிறது, 7.95 போகவில்லை. 8 மி.மீ. கீவேயை N9 என்ற டாலரன்ஸுக்கு வெட்டினால் 7.964க்குக் கீழே வராது, இறுக்கமான P9க்கு வெட்டினாலும் 7.949க்குக் கீழே வராது. கீவே தேய்ந்து குறுகாது. ஆக இது 8 மி.மீ. கீவேயாக இருக்கவே முடியாது. 5/16 இன்ச் என்றால் 7.9375. கச்சிதமாகப் பொருந்துகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விழுந்தது. கப்ளிங் துளையைத் தேயாத முனையில் அளந்தால் 31.77. துளை சிறிதாகாது, எனவே 32 அடிபட்டுப் போகிறது. கீழே 31.755, மேலே 31.77, நடுவில் ஒன்றேகால் இன்ச், 31.75க்குக் கொஞ்சம் மேலே. ஸ்லீவின் துளை நடுவில் 28.59, எனவே 29 இல்லை; ஷாஃப்ட் 28.56 இருப்பதால் 28ம் இல்லை; ஒன்றே அரைக்கால் இன்ச், 28.575. இம்பெல்லர் இடம்தான் மோசம், சாவி ஆடி ஆடி 25.31 வரை இறங்கியிருந்தது, நல்ல இடத்தில் 25.36. இம்பெல்லர் துளையில் குறைந்த அளவு 25.41. இந்த இடைவெளியில் உட்காரக்கூடிய வழக்கமான அளவு ஒரு இன்ச், 25.4 மட்டும்தான்.

கடைசியாக இம்பெல்லர் நட்டின் மரை. வெளிவிட்டம் 22.1 சொச்சம். மெட்ரிக் பிட்ச் கேஜில் 2.5 தகட்டை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முதல் இரண்டு பல் உட்கார்ந்த மாதிரி ஏமாற்றும், போகப்போக விலகும். ஸ்கேலை நீளவாக்கில் வைத்து எண்ணினால் ஒரு இன்ச்சுக்கு 11 மரை, 55 டிகிரித் தகடு கனகச்சிதமாக உட்காருகிறது. 7/8 இன்ச் பிஎஸ்எஃப், அதாவது விட்வொர்த் நைஸ் மரை. 7/8க்கு விட்வொர்த் கரடு மரை என்றால் 9 வரும், அதனால் குழப்பம் இல்லை. இதை M22 என்று நினைத்து வெட்டியிருந்தால் பழைய நட் ஏறாது, புது நட் செய்து போட்டிருந்தால் அடுத்த பம்ப்பின் உதிரி நட் இதற்கு ஆகாது.

பெயரளவு கிடைத்துவிட்டது, ஃபிட்?

இது கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம். 35 என்ற நாமினல் தெரிந்துவிட்டது, தேயாத பட்டையில் 35.008 இருக்கிறது. இந்த ஒரே எண் எத்தனை டாலரன்ஸுக்குள் உட்காரும் என்று பாருங்கள். j6 என்றால் 34.995 முதல் 35.011 வரை. k5 என்றால் 35.002 முதல் 35.013 வரை. k6 என்றால் 35.002 முதல் 35.018 வரை. 35.008 மூன்றுக்குள்ளும் வருகிறது. எத்தனை துல்லியமாக அளந்தாலும் ஒரே ஒரு ஷாஃப்ட்டிலிருந்து டாலரன்ஸ் எழுத்தைப் படித்துவிட முடியாது, அது ஒரு பட்டை, நம்மிடம் இருப்பது அந்தப் பட்டைக்குள் விழுந்த ஒரு புள்ளி. சொல்லப்போனால் அந்தக் காலத்து இன்ச் வரைபடத்தில் இந்த எழுத்துகளே இருந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வேறு லிமிட் முறையில் நேரடியாக இரண்டு எண்களைப் போட்டிருக்கலாம். எழுத்தைத் தேடி அலைவதைவிட அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதுதான் வழி.

பேரிங் இடத்தில் ஷாஃப்ட் சுற்றுகிறது, இம்பெல்லரின் எடையும் தண்ணீரின் தள்ளலும் ஒரே பக்கமாக இழுக்கின்றன, எனவே உள்வளையத்தின் ஒவ்வொரு இடமும் முறை வைத்து அந்த பாரத்துக்கு அடியில் வந்து போகிறது. இப்படிப்பட்ட இடத்தில் பிடிப்பு இல்லாவிட்டால் வளையம் ஷாஃப்ட் மேல் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும், இந்தப் பம்ப்பில் நடந்தது அதுதான். இந்த விட்டத்தில், சாதாரண பாரத்தில் ஓடும் பால் பேரிங்குக்கு கேட்டலாக் சொல்வது k5. பேரிங்கின் துளை 35.000 முதல் 34.988 வரை வரும், ஆக k5 போட்டால் பிடிப்பு குறைந்தது 2, அதிகம் 25 மைக்ரான். அந்தப் பிடிப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பேரிங்கின் உள் கிளியரன்ஸைத் தின்னும். சாதாரண 6307இல் உள் கிளியரன்ஸே 6 முதல் 20 மைக்ரான்தான், எனவே இரண்டும் மோசமான ஓரத்தில் சந்தித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. பழைய பேரிங்கின் பக்கவாட்டில் C3 என்று இருந்தது, அதில் 15 முதல் 33. இறுக்கமான ஷாஃப்ட்டுக்கு யாரோ யோசித்துத்தான் அந்த பேரிங்கைத் தேர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், அது 35.008ஓடும் ஒத்துப்போகிறது. k5 எடுத்துக்கொண்டோம், ஆனால் கிரைண்டிங் காரரிடம் 35.004 முதல் 35.009 என்று கொடுத்தோம், பட்டையின் மேல் ஓரத்துக்குப் போக அவசியமில்லை. பேரிங்கும் C3தான் என்று வரைபடத்திலேயே எழுதிவிட்டோம், ஏனென்றால் ஷாஃப்ட் அளவும் பேரிங் கிளியரன்ஸும் ஒன்றில்லாமல் இன்னொன்று நிற்காது.

ஸ்லீவ் இடத்தில் தேய்மானத்தின் திசை இன்னும் நன்றாக உதவியது. தேயாத இடம் 28.560 முதல் 28.564 என்றால் அசல் அதற்குக் கீழே இல்லை. f7 போட்டிருந்தால் அதிகபட்சமே 28.555தான், எனவே f7 வெளியே. மிச்சம் இருப்பது g6, அல்லது h6. இரண்டில் எது என்று ஷாஃப்ட் சொல்லாது. ஸ்லீவ் பல வருஷம் தண்ணீரில் ஊறிய பிறகும் கையால் இழுத்தால் வர வேண்டிய சாமான், சுற்றுவதைத் தடுக்கச் சாவி இருக்கிறது, எனவே இறுக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. g6, அதாவது 28.555 முதல் 28.568. இம்பெல்லர் இடத்துக்கும் இதையே வைத்தோம், ஆனால் அங்கே தேயாத பட்டை எதுவும் கிடைக்கவில்லை, அது எங்கள் தேர்வு. கப்ளிங் இடத்தில் ஷாஃப்ட் நாமினலைவிடப் பெரிதாகவே இருந்ததால் h6க்கு இடமில்லை, k6 போட்டோம், 31.752 முதல் 31.768.

நீளங்கள்

விட்டத்திலேயே எல்லோர் கவனமும் போய்விடும், ஆனால் நீளம் தப்பினால் இம்பெல்லர் கேசிங்குக்குள் இடம் மாறி உட்காரும். இந்தப் பம்ப்பில் ஷாஃப்ட்டை நிலையாகப் பிடிப்பது கப்ளிங் பக்கத்து பேரிங், ஆகவே அந்த ஷோல்டரிலிருந்துதான் எல்லா நீளமும் கணக்கு. ஷாஃப்ட்டைச் சர்ஃபேஸ் பிளேட்டில் நிறுத்தி ஹைட் கேஜால் எடுத்தால், இரண்டு பேரிங் ஷோல்டருக்கும் நடுவே 139.7, இம்பெல்லர் ஷோல்டர் வரை 368.2. முதலாவது ஐந்தரை இன்ச், சந்தேகமே இல்லை. இரண்டாவது பதினாலரை இன்ச் என்றால் 368.3 இருக்க வேண்டும், 0.1 குறைகிறது. இம்பெல்லர் ஷோல்டரின் முகத்தைப் பார்த்தால் இம்பெல்லர் அழுத்திய வளையம் பள்ளமாகத் தெரிகிறது, அந்த வளையத்துக்கு வெளியே விளிம்பில் தொட்டு அளந்தால் 368.3 வருகிறது. சரி.

மாட்டும்போது பேரிங்கை இண்டக்‌ஷன் ஹீட்டரில் 100 டிகிரிக்கு ஏற்றிப் போட்டோம், சுத்தியல் இல்லை. ஆறிய பிறகு வெளிவளையத்தைக் கையால் சுற்றினால் தங்குதடையில்லாமல் சுற்றியது. பழைய ஸ்லீவ் கையால் தள்ள வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, அடுத்த பம்ப்புக்கு வைத்திருந்த புது ஸ்லீவும் அதேபோலப் போனது. இம்பெல்லர் இடத்தில் டயல் வைத்துச் சுற்றியதில் ஆட்டம் 0.02. ஹவுசிங் துளையையும் அப்போதே அளந்துவிட்டோம், 80.02 இருந்தது, H7க்குள்தான், அதனால் அதைத் தொடவில்லை.

வரைபடத்தில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஒரு குறி போட்டுக் கொடுத்தோம். இரண்டு பக்கமும் சாட்சி வைத்து உறுதியானவற்றுக்கு ஒரு குறி, நாங்கள் தேர்ந்தெடுத்தவற்றுக்கு வேறு குறி. இரண்டாவது வகையில் நான்கு இருக்கின்றன: பேரிங்குக்கு k5, ஸ்லீவுக்கு g6, இம்பெல்லருக்கு g6, கப்ளிங்குக்கு k6. அடுத்த பம்ப்பைத் திறக்கும்போது அதன் இம்பெல்லர் இடத்தில் தேயாத பட்டை இருந்தால் அளந்து சொல்லும்படி ஃபிட்டரிடம் கேட்டிருக்கிறோம், 25.393க்கு மேல் ஒரு எண் வந்துவிட்டால் அங்கே g6 இல்லை என்று தெரிந்துவிடும், அப்போது வரைபடத்தில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.